ஏகாதசி நாளில் சத்து மாத்திரை: எதைப் போடலாம், எதைத் தள்ளி வைக்கலாம்

திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் மருந்துக் கடை வைத்திருக்கும் தெருவில்தான் அந்த அக்கா இருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. மாதம் இரண்டு ஏகாதசியும் பால், பழம் மட்டும் எடுத்துக்கொண்டு விரதம் இருப்பவர். ஒரு துவாதசி அன்று காலையில் சோர்ந்த முகத்தோடு கடைக்கு வந்தார்.

"தம்பி, நேத்து திருவந்திபுரம் போனேன். ஹயக்ரீவர் மலைப் படியில பாதி ஏறும்போதே வயித்தைப் பொரட்டிடுச்சு. வாந்தி எடுத்துட்டு அங்கேயே உட்கார்ந்துட்டேன். இனிமே விரதமெல்லாம் வேணாம், வயசாயிடுச்சுன்னு வீட்ல சொல்றாங்க."

"காலையில என்னக்கா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல. மாத்திரை மட்டும்தான் போட்டேன். தீர்த்தத்தோட."

கைப்பையைத் திறந்து அட்டைகளை எடுத்து வைத்தார். இரும்புச்சத்து மாத்திரை ஒன்று, துத்தநாகம் கலந்த பி காம்ப்ளெக்ஸ் கேப்சூல் ஒன்று. வெறும் வயிற்றில் குமட்ட வைப்பதில் முன்னால் நிற்பவை இந்த இரண்டும்தான். இரண்டையும் ஒரு உத்தரணி தீர்த்தத்தோடு விழுங்கிவிட்டு வெயிலில் படியேறியிருக்கிறார். அவருக்கு ஒத்துக்கொள்ளாதது விரதம் இல்லை, மாத்திரை போட்ட நேரம்.

அன்று அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இது சத்து மாத்திரைகளுக்கான வழி. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, இதயம் போன்றவற்றுக்கான மருந்துகளை நாமாகத் தள்ளி வைக்கக் கூடாது. முக்கியமாக, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விரத நாளுக்கு முன்பே மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில், உங்கள் விரதம் எப்படிப்பட்டது?

"நான் விரதம்" என்று ஒருவர் சொன்னால் நான் உடனே கேட்பது, "என்னென்ன எடுத்துப்பீங்க?" என்பதுதான். நம் பக்கத்தில் ஒரே ஏகாதசியை நாலு வீட்டில் நாலு விதமாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஒருவர் தண்ணீர்கூடத் தொடமாட்டார். ஒருவர் துளசித் தீர்த்தம் மட்டும். ஒருவர் பால், பழம். இன்னொருவர் அரிசியை மட்டும் தவிர்த்துவிட்டு ஒருவேளை பலகாரம் சாப்பிடுவார். பலகாரம் சாப்பிடுகிறவருக்கு மாத்திரை விஷயத்தில் பெரிதாக மாற்றம் தேவையில்லை, சாப்பாட்டோடு போடுவதை அந்தப் பலகாரத்தோடு போட்டுக்கொள்ளலாம். தண்ணீரும் குடிக்காதவர் அன்றைக்கு எந்தச் சத்து மாத்திரையும் போடாமல் இருப்பதே நல்லது. யோசித்துச் செய்ய வேண்டியது பால் பழக்காரர்களும் தீர்த்தம் மட்டும் எடுப்பவர்களும்தான்.

மாத்திரை போட்டால் விரதம் கெட்டுவிடுமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. நீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், அந்தணர் விருப்பம், குருவின் சொல், மருந்து ஆகிய எட்டும் விரதத்தைக் கெடுக்காது என்று மகாபாரதத்தின் உத்யோக பருவத்திலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே போட வேண்டிய மருந்தைப் போடத் தயங்க வேண்டியதில்லை. ஏகாதசியில் தானியம் எதுவும் கூடாது என்று கறாராக இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்: பல மாத்திரைகளில் பொடியைக் கெட்டிப்படுத்த மக்காச்சோள மாவு சேர்ப்பார்கள். கேப்சூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அது விலங்கிலிருந்து எடுப்பது. மனதுக்கு உறுத்தலாக இருந்தால் அன்றைக்கு அந்தச் சத்து மாத்திரையை விட்டுவிடலாம். அப்படி விடுவதால் எவ்வளவு நஷ்டம் என்பதைத்தான் இனி பார்க்கப் போகிறோம்.

அடுத்து, ஒவ்வொரு அட்டையையும் பார்த்து மூன்று கேள்வி

மாத்திரைகளை மேசைமேல் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இதைக் கேளுங்கள். உடம்பில் சேர இதற்குச் சாப்பாடு வேண்டுமா? சாப்பாடு இல்லாமல் போட்டால் வயிறு தாங்குமா? ஒருநாள் விட்டால் ஏதாவது குறையுமா? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒருநாள் விட்டால் எல்லாம் போச்சு என்ற பயத்தில்தான் அக்கா அதிகாலையில் இரண்டையும் விழுங்கினார்.

இரும்புச்சத்து

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரும்பு நன்றாகச் சேர்வது வெறும் வயிற்றில்தான். ஆனால் வயிற்றைப் பிரட்டுவதும் வெறும் வயிற்றில்தான். அட்டையில் 'உணவுக்கு முன்' என்றிருப்பதைப் பார்த்து, "அப்போ விரத நாள்தானே ரொம்ப நல்லது?" என்று கேட்டவர்கள் உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு இருக்கும் வெறும் வயிறு வேறு, முந்தின இரவிலிருந்து காய்ந்து கிடக்கும் வயிறு வேறு. முதலாவதில் மாத்திரை உறுத்த ஆரம்பிக்கும் நேரத்தில் பின்னாலேயே சாப்பாடு வந்துவிடும். இரண்டாவதில் எதுவும் வராது. போட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வாயில் எச்சில் ஊறும், குமட்டும், மேல்வயிறு பிசையும். அந்த நேரக் கணக்கு பொருந்தினால் காரணம் மாத்திரைதான்.

சரி, பாலோடு போடலாமா? வயிறு கொஞ்சம் தாங்கும், ஆனால் பாலில் இருக்கும் கால்சியம் இரும்பைச் சேரவிடாது. காபி, டீயும் அப்படியே. டீ இன்னும் மோசம். பால் பழ விரதக்காரர்கள் காலையில் பாலோ காபியோ குடித்து, அதோடு இரும்பு மாத்திரையை விழுங்கும்போது குமட்டலையும் வாங்கிக்கொள்கிறார்கள், சத்தையும் பாதி இழக்கிறார்கள்.

ஆகவே ஏகாதசி அன்று இரும்பு வேண்டாம். இதை நான் தைரியமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரும்பு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒரு பொருளை அதிகமாகச் சுரக்கிறது. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போகும் வாசலை அது அடைக்கும். அந்த அடைப்பு ஏறத்தாழ ஒருநாள் நீடிக்கும். அதனால் தினமும் போடும்போது இரண்டாம் நாள் மாத்திரையிலிருந்து சேர்வது குறைகிறது. சுவிட்சர்லாந்தில் இரும்புச்சத்து குறைந்த பெண்களிடம் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், தினமும் போட்டவர்களுக்கு மாத்திரையில் இருந்த இரும்பில் நூற்றுக்குப் பதினாறு பங்குதான் சேர்ந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்களுக்கு நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு சேர்ந்தது. இப்போது பல மருத்துவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எழுதுகிறார்கள். அப்படி இருக்க, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மாத்திரை விடுபடுவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

துவாதசி அன்று எப்போது போடுவது? பாரணையோடு கூடாது. நம் வீடுகளில் பாரணை என்றால் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும் என்பது உண்மை. ஆனால் அதே இலையில் இருக்கும் அகத்திக்கீரையில் கால்சியம் மிக அதிகம், அது எதிர்ப்பக்கம் இழுக்கும். அகத்தி மருந்தை முறிக்கும் என்று சித்த மருத்துவத்தில் சொல்வார்கள். அந்தப் பேச்சு எப்படி இருந்தாலும், இரும்பு மாத்திரைக்கும் அகத்திக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுவது சரி. அதோடு, ஒருநாள் பட்டினிக்குப் பிறகு வயிறு அன்று காலையில்தான் மீண்டும் வேலையைத் தொடங்குகிறது. இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு அல்லது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடுங்கள். போட்டதும் படுக்காமல் அரை மணி உட்கார்ந்திருங்கள்.

விட்டுப்போன மாத்திரைக்காக அன்றைக்கு இரண்டாகப் போடாதீர்கள். வயிறு இரட்டிப்பாகப் படுத்தும். வாசல் அடைபட்டிருப்பதால் சேர்வதும் இரட்டிப்பாகாது.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள் போடச் சொல்வார்கள். அவர்கள் பட்டினி இருப்பதையே நான் ஒப்புக்கொள்வதில்லை. அன்றைக்கும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு மாத்திரையை வழக்கம்போலத் தொடரட்டும். ரத்தம் மிகவும் குறைந்து சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இதுவே.

கால்சியம்

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கால்சியம் கார்பனேட்டா, கால்சியம் சிட்ரேட்டா? கடையில் விற்பதில் பெரும்பகுதி கார்பனேட்தான். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அமிலம் நன்றாகச் சுரப்பது சாப்பிடும்போது. அதனால் கார்பனேட் சாப்பாட்டோடு. சிட்ரேட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எதுக்களிப்புக்காகத் தினமும் பான்டோபிரசோல் மாதிரி மாத்திரை போடுகிறவர்களுக்கு அமிலமே குறைந்திருக்கும். அவர்கள் சிட்ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

பால் பழ விரதத்தில் கால்சியம் மாத்திரை தேவையே இல்லை என்பது என் கருத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். அட்டையில் 1250 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தால், அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான். 200 மி.லி. பாலில் ஏறத்தாழ 240 மி.கி. இருக்கும். அக்கா ஏகாதசி அன்று மூன்று டம்ளர் பால் குடிக்கிறார், ஆக 700 மி.கி.க்கு மேல். வழக்கமான நாளில் ஒரு மாத்திரை தருவதைவிட அதிகம்.

தீர்த்தம் மட்டும் எடுப்பவர்களுக்கு வேறு காரணத்தால் வேண்டாம் என்கிறேன். சாப்பாட்டோடு போகும் கால்சியம், உணவில் இருக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். சாப்பாடு இல்லாமல் தனியாகப் போனால் அந்த நன்மை இல்லை, சிறுநீரில் போகும் கால்சியம்தான் கூடும். தண்ணீரும் குறைந்து, கடலூர் வெயிலில் வியர்வையும் கொட்டினால் சிறுநீர் கெட்டியாகும். ஏற்கெனவே கல் வந்தவர்கள் இந்தச் சேர்க்கையை அவசியம் தவிர்க்க வேண்டும்.

வைட்டமின் டி

வாரம் ஒருமுறை போடும் 60,000 ஐ.யூ. பொடிப் பாக்கெட்டோ கேப்சூலோ இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. இது கொழுப்பில் கரையும் சத்து, ஆகவே கொழுப்புள்ள சாப்பாட்டோடு போனால்தான் நன்றாகச் சேரும். இளநீரோடும் வாழைப்பழத்தோடும் போட்டால் ஆபத்து எதுவும் இல்லை, கொடுத்த காசுக்குப் பலன் குறையும், அவ்வளவே. ஆடை எடுக்காத பாலில் கலந்து குடித்தால் ஓரளவு சரி. நெய் ஊற்றிய சாப்பாட்டுக்குப் பின் என்றால் இன்னும் நல்லது.

இந்தச் சத்து ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும். ஞாயிறு போட வேண்டியதைத் திங்களோ செவ்வாயோ போட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எனவே உங்கள் 'டி நாள்' ஏகாதசியில் வந்தால் துவாதசி மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள். அடுத்த வாரம் பழைய நாளுக்கே திரும்பிவிடலாம். புரட்டாசி சனிக்கிழமை தளிகை போடும் வரை சாப்பிடாமல் இருக்கும் வீடுகளில், சர்க்கரைப் பொங்கலும் நெய்யுமாக இலை போடும் அந்த மதியம்தான் இதற்கு ஏற்ற நேரம்.

எனக்குப் பயம் எல்லாம், வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொள்பவர்களைப் பற்றித்தான். ஒரு பெரியவர் அப்படி மூன்று வாரம் போட்டுவிட்டு, இன்னும் கொடுங்கள் என்று வந்து நின்றார். டி தொடர்ந்து அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், குழப்பம் என்று தெரியும். விரத நாளில் இந்தத் தாகத்தையும் குமட்டலையும் பட்டினியின் கணக்கில் எழுதிவிடுவோம், அதுதான் கவலை. அப்படிப் போட்டுவிட்டீர்கள் என்றால் நிறுத்திவிட்டு, ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போங்கள். அந்தப் பெரியவரை அன்றே அனுப்பி வைத்தேன்.

மற்றவை

பி12 மாத்திரைக்குச் சாப்பாடு தேவையில்லை, வெறும் வயிற்றிலும் தாங்கும், ஒருநாள் விட்டாலும் குறையாது. கல்லீரல் அதை நீண்ட காலத்துக்குச் சேமித்து வைத்திருக்கும். பி காம்ப்ளெக்ஸ் சேர்வதற்கும் சாப்பாடு வேண்டாம், ஆனால் சிலருக்குக் குமட்டும். அதில் துத்தநாகம் கலந்திருந்தால் வெறும் வயிற்றில் போடவே போடாதீர்கள். இன்னொன்று, பி காம்ப்ளெக்ஸில் உள்ள ரைபோஃபிளேவின் சிறுநீரைப் பளிச்சென்ற மஞ்சளாக்கும். விரத நாளில் உடம்பில் தண்ணீர் போதுமா என்று தெரிந்துகொள்ள நமக்கு இருக்கும் எளிய அடையாளம் சிறுநீரின் நிறம்தான். அந்த மாத்திரையைப் போட்டுவிட்டால் நிறத்தை நம்ப முடியாது. அப்போது சிறுநீரின் அளவையும் எத்தனை முறை போனோம் என்பதையும் பாருங்கள்.

மெக்னீசியம் சிலருக்கு வயிற்றைக் கலக்கி நீர்போலப் போகவைக்கும், விரத நாளில் விட்டுவிடலாம். மீன் எண்ணெய் கொழுப்புச் சாப்பாட்டோடுதான் சேரும். வெறும் வயிற்றில் போட்டால் நாள் முழுக்க மீன் வாடை ஏப்பம் வரும். அது விரதத்தில் போடும் பொருளும் இல்லை. வைட்டமின் சி 500 மி.கி. மாத்திரை காய்ந்த வயிற்றில் எரியும்.

தண்ணீர் இல்லாமல் மாத்திரை இல்லை

அக்காவின் கதையில் குமட்டலைவிட என்னைக் கவலைப்படுத்தியது அந்த ஒரு உத்தரணி தீர்த்தம்தான். உலர்ந்த தொண்டையில் அவ்வளவு நீரோடு விழுங்கினால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். இரும்பும் வைட்டமின் சி-யும் அந்த இடத்தில் புண்ணாக்கும். நடு நெஞ்சில் ஏதோ நிற்பதுபோல இருக்கும், விழுங்கும்போது வலிக்கும். மாத்திரை போடுவதானால் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடிக்க வேண்டும். அது விரதத்துக்கு ஒத்துவராது என்றால் மாத்திரையும் அன்றைக்கு வேண்டாம். நெஞ்சில் வலி ஓரிரு நாளில் போகாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சஷ்டி, நோன்பு

கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்து மயிலம் போய் வருபவர்கள் நம் பக்கத்தில் நிறைய. ஆறு நாள் என்பதால் எல்லாவற்றையும் விட வேண்டாம். அந்த ஒருவேளைச் சாப்பாட்டை முடித்ததும் கால்சியம், டி போடும் நாளில் மட்டும் அதோடு டி-யும். இரும்பை முதல், மூன்றாம், ஐந்தாம் நாள் மட்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. அப்படியும் குமட்டினால் சூரசம்ஹாரம் முடிந்து தொடரலாம்.

ரமலான் கணக்கே வேறு. நோன்பு நேரத்தில் மாத்திரை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும், ஆகவே எல்லாவற்றையும் இரவுக்குள் அடக்க வேண்டும். ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வரும்போது மாலை ஆறேகாலிலிருந்து அதிகாலை ஐந்தேகால் வரை சுமார் பதினொரு மணி நேரம் கையில் இருக்கும். பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் ஒரு தங்கைக்குப் போட்டுக் கொடுத்த வரிசை இது. நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி. கஞ்சியில் தேங்காய்ப் பாலும் கறியும் சேர்வதால் டி போடும் நாளில் அதற்குப் பிறகே போட்டுவிடலாம். அதன்பின் டீயும் சமோசாவும் வரும், எனவே இரும்பு அங்கே கூடாது. இரவுச் சாப்பாடு, தராவீஹ் எல்லாம் முடித்து, டீ குடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகு பத்தரை மணிவாக்கில் இரும்பு. கால்சியம் சஹர் சாப்பாட்டோடு. இரும்பையும் கால்சியத்தையும் இரவின் இரண்டு முனைகளில் வைத்தால் ஒன்றை ஒன்று தடுக்காது. மெக்னீசியம் மட்டும் சஹரில் வேண்டாம், பகலில் வயிறு போனால் ஈடுகட்டத் தண்ணீர் குடிக்க வழியில்லை. நோயாளிகள் நோன்பை விட்டுப் பின்னால் நோற்கலாம் என்று குர்ஆனிலேயே அனுமதி இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் மருத்துவரையும் ஆலிமையும் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அக்காவின் இரண்டு நாள்

இனி அந்தத் தாளில் இருந்தது. அக்காவின் பெட்டியில் ஐந்து மருந்து: காலையில் தைராய்டு மாத்திரை, டிபனுக்குப் பிறகு துத்தநாகம் கலந்த பி காம்ப்ளெக்ஸ், மதியம் கால்சியம் கார்பனேட், இரவு இரும்பு, ஞாயிற்றுக்கிழமை டி பாக்கெட். அடுத்த ஏகாதசி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது.

தைராய்டு மாத்திரை சத்து மாத்திரை இல்லை, அது மருந்து. வெறும் வயிற்றில் போடுவதுதான் அதன் முறையே. எனவே ஏகாதசி அன்றும் காலை ஐந்தரைக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு அது உண்டு. பால், காபி எதுவானாலும் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையைத் தடுக்கும் என்பதால் அவற்றுக்கு எந்த நாளிலும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அக்கா படியேறிய அன்று அதிகாலையில் தைராய்டு மாத்திரை போட்ட கையோடு இரும்பையும் போட்டிருக்கிறார், ஆக அதுவும் சரியாக வேலை செய்திருக்காது.

மற்ற நாலும் ஏகாதசி அன்று இல்லை. மூன்று டம்ளர் பால், நாலு வாழைப்பழம், இடையிடையே தண்ணீர்.

துவாதசி அன்று பாரணை நேரம் பஞ்சாங்கத்தில் காலை ஆறரைக்கு மேல் என்றிருந்தது. தைராய்டு மாத்திரையை ஐந்தரைக்குப் போட்டுவிட்டு ஆறரைக்குப் பாரணை. அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியுமாகச் சாப்பிட்டு முடித்ததும் பி காம்ப்ளெக்ஸ் என்றுதான் முதலில் எழுதினேன். அதில் உள்ள துத்தநாகத்துக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே நேரம் போதாதே என்று யோசித்து, அதை மதியத்துக்கு மாற்றினேன். ஒன்றரை மணிக்கு நெய் ஊற்றிய பருப்புச் சாதம், அதன்பின் கால்சியம், பி காம்ப்ளெக்ஸ், முந்தின நாள் விட்ட டி. மாலை காபி நாலரை மணிக்கு. இரவுச் சாப்பாடு ஏழரைக்கு. ஒன்பதரைக்கு எலுமிச்சைத் தண்ணீரோடு இரும்பு ஒன்றே ஒன்று.

இரும்பு போடுகிறவர்களுக்கு மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பு. ஆனால் தார்போலப் பிசுபிசுவென்று, வழக்கத்துக்கு மாறான துர்நாற்றத்தோடு போனாலோ, வாந்தியில் காபித்தூள் மாதிரி வந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, மாத்திரையின் மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். விரதத்தை முடித்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாளின் கீழே இதையும் எழுதி, அக்காவின் மகளிடம் படித்துக் காட்டினேன்.

அடுத்த துவாதசிக்கு அக்கா வந்தபோது தாளைக் கையில் வைத்திருந்தார். ஏகாதசிக் கட்டத்தில் தைராய்டு மாத்திரைக்கு மட்டும் ஒரு டிக், மற்ற நாலிலும் கோடு.

"மலை ஏறிட்டேன் தம்பி. வயித்துல ஒண்ணும் பண்ணல. அந்த எலுமிச்சம்பழத் தண்ணியில உப்பு போட்டுக்கலாமா?"

"ஒரு சிட்டிகை போட்டுக்கங்கக்கா. சர்க்கரை மட்டும் குறைச்சுக்கங்க."